தலைக்கு எண்ணெய் வச்சு ராத்திரி முழுக்க விடலாமா?

ஓ.பி.யில் பொடுகுன்னு வர்ற பத்தில் பாதிப் பேர் சொல்லும் வாக்கியம் இது: "தினமும் நைட்டு எண்ணெய் வச்சுட்டுத்தான் டாக்டர் படுக்கறேன், அப்படியும் பொடுகு போகல." அந்த "அப்படியும்" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொடுகும் நெற்றியில் பொரிப் பொரியாப் பருவும் இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எண்ணெய் முடிக்கு நல்லது. தலைத்தோலுக்கு அது பெரிசா எதுவும் செய்யறதில்லை. முடியும் தலைத்தோலும் ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டுக்கும் சேர்த்து எண்ணெயை ஊற்றி, காலை வரைக்கும், சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் விடறோம். பிரச்சனை அங்கேதான் ஆரம்பிக்குது.

முதலில் முடி.

வெளியே தெரியற முடிக்கு உயிர் கிடையாது. புரதத்தால் ஆன ஒரு நார். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு தடவை குளிச்சு, துவட்டி, சீவும்போதும் கொஞ்சம் தேயும். தேங்காய் எண்ணெய் அந்த நாருக்குள் இறங்கக்கூடியது. 2003ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு, தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியிலிருந்து புரதம் போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்குதுன்னு சொன்னது. (ஆய்வு செய்தவங்க தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவங்க என்பதையும் சொல்லிடணும். ஆனாலும் அந்த விஷயம் நியாயமானதுதான்.) அதனால குளிக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் வைக்கிற நம்ம வழக்கத்தில் அர்த்தம் இருக்கு. முடி உடையறது குறையும், சிக்கு குறையும், பளபளப்பு வரும்.

ஆனா முடி முளைக்கும் வேர் தோலுக்குள் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கு. அதுக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து போகுது. மேலே ஊற்றும் எண்ணெய் வேருக்கு உரம் மாதிரி என்று நினைக்கறது தப்பு. "எண்ணெய் வச்சதால முடி நீளமா வளர்ந்துச்சு" என்பதில் பெரும்பகுதி, நுனி உடையாம தப்பிச்ச நீளம்தான்.

இப்போ தலைத்தோல்.

நம்ம எல்லார் தலையிலும் மலசீசியா என்ற ஒரு ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கு. உங்க தலையிலும் இருக்கு, என் தலையிலும் இருக்கு. அழுக்கால வந்ததில்லை, யார்கிட்ட இருந்தோ ஒட்டினதும் இல்லை. அதோட முக்கியமான குணம், கொழுப்பு இல்லாம அதால வளர முடியாது. நமக்குத் தேவையான கொழுப்பை நாமே உடம்பில் தயாரிச்சுக்குவோம். இதுக்கு அந்தத் திறமை கிடையாது, வெளியிலிருந்து கிடைக்கணும்.

லேபில் இதை வளர்க்கிற முறை தெரியுமா? சாதாரணமா பூஞ்சை வளர்க்கும் தட்டில் இது சரியா வளராது. அந்தத் தட்டின் மேலே மெல்லிசா ஆலிவ் ஆயில் ஊற்றுவாங்க. அப்புறம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பில் வைப்பாங்க, வளர்ந்திடும். இதை ஒரு அம்மாகிட்ட ஓ.பி.யில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நான் தினமும் ராத்திரி அதைத்தானே செய்யறேன்" என்றார். நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிட்டார்.

பொடுகு எப்படி வருது? இந்தப் பூஞ்சை தலையில் இருக்கும் எண்ணெயை உடைக்கும். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைச் சாப்பிட்டுட்டு வேண்டாததை அப்படியே விட்டுடும். அந்த மிச்சத்தில் ஓலிக் அமிலம் என்று ஒண்ணு இருக்கு. சிலருடைய தோலுக்கு அது ஆகாது. தோல் எரிச்சலாகி, ஒரு மாதத்தில் மெதுவா உதிர வேண்டிய செல்கள் அவசர அவசரமா கொத்துக் கொத்தாக உதிரும். தோளில் வெள்ளையா விழறது அதுதான். எல்லார் தலையிலும் பூஞ்சை இருந்தும் எல்லாருக்கும் பொடுகு வராததுக்குக் காரணம், எல்லாருடைய தோலும் அந்த அமிலத்துக்கு ஒரே மாதிரி முகம் சுளிக்காது என்பதுதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு தினமும் எண்ணெய் வச்சுட்டுத் தூங்கி ஒண்ணும் ஆகாம இருக்கலாம். உங்க தோல் வேற.

ஆலிவ் ஆயிலில் பெரும்பகுதி இந்த ஓலிக் அமிலம்தான். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும்கூட கணிசமா இருக்கு. "அப்ப தேங்காய் எண்ணெய் வச்சுக்கறேன், அதுல லாரிக் அமிலம் இருக்கு, அது பூஞ்சையைக் கொல்லும்னு வீடியோவுல சொன்னாங்க" என்று அடுத்த கேள்வி வரும். சோதனைக் குழாயில் தனியா பிரிச்சு எடுத்த லாரிக் அமிலம் கிருமிகளை எதிர்க்கும், உண்மை. பாட்டிலில் இருக்கும் எண்ணெயில் அந்த அமிலம் தனியா இல்லை, கொழுப்போட கட்டுண்டு இருக்கு. மருந்து என்று நம்பி ஊற்றும் அளவுக்கு அதில் ஒண்ணுமில்லை. பொடுகு இருக்கும் தலைக்கு எந்த எண்ணெயையும் ராத்திரி முழுக்க வைக்க நான் சொல்ல மாட்டேன்.

"சின்ன வயசுல எங்கம்மா தினமும் எண்ணெய் வச்சுத்தானே தலை சீவினாங்க, அப்ப ஒண்ணும் ஆகலையே?"

நல்ல கேள்வி. எட்டு வயசுக் குழந்தையின் தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பி அனேகமா தூங்கிட்டு இருக்கும். வயசுக்கு வரும்போது ஹார்மோன் அதை எழுப்பிவிடும். அதுக்கப்புறம் தலையே தனக்கு வேண்டிய எண்ணெயைச் சுரந்துக்கும். பொடுகு பெரும்பாலும் டீன் ஏஜில் ஆரம்பிக்கறதும் அதனாலதான். அதே அம்மா, அதே கை, அதே எண்ணெய். எட்டு வயசில் ஒத்துக்கிட்டது பதினஞ்சு வயசில் ஒத்துக்காம போகலாம். மாறினது தலை.

இன்னொரு விஷயம் ரொம்பப் பேரை ஏமாத்துது. எண்ணெய் வச்ச உடனே பொடுகு காணாம போயிடும். காய்ந்த செதில் வெள்ளையா தெரியும், எண்ணெயில் நனைஞ்சா கண்ணாடி மாதிரி ஆகி, தெரியாது. தாளில் எண்ணெய் பட்டா அந்த இடம் ஊடுருவித் தெரியுமே, அதே மாதிரி. செதில் அங்கேயேதான் இருக்கு, எண்ணெயோட சேர்ந்து ஒட்டிக்கிட்டு. ரெண்டு நாள் கழிச்சுத் தலை காய்ந்ததும் திரும்பத் தெரியும். "தலை வறண்டு போச்சு, அதான் பொடுகு" என்று மறுபடி எண்ணெய். இப்படியே வருஷக்கணக்கா ஓடுது.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் பொண்ணு, வயசு 19. கொங்குப் பக்கம். அம்மாவும் பாட்டியும் கூட வந்தாங்க. வந்தது நெற்றிப் பருவுக்காக, பொடுகுக்காக இல்லை. ஏழு மாசமா பரு. ரெண்டு தடவை ஆன்ட்டிபயாடிக் மாத்திரை முடிச்சாச்சு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு டியூபும் போட்டாச்சு. (அந்த டியூபில் ஸ்டீராய்டு இருந்தது. முகத்தில் நாமா வாங்கிப் போடக் கூடாத மருந்து. அதைப் பற்றித் தனியா எழுதணும்.)

முகத்தைப் பார்த்தேன். நெற்றி முழுக்க, முடி ஆரம்பிக்கும் கோட்டை ஒட்டியும் ரெண்டு பொட்டுப் பக்கமும், தோல் நிறத்திலேயே குட்டிக் குட்டியா பொரி. தடவினா மணல் மாதிரி சொரசொரப்பு. சீழ் வச்ச பரு ஒண்ணு ரெண்டுதான். வலது கன்னத்தில் கொஞ்சம், இடது கன்னம் சுத்தம். மூக்கு, தாடையில் ஒண்ணுமே இல்லை. சாதாரண டீன் ஏஜ் பரு இப்படி முடிக்கோட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்காராது.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பம்மா?" என்று கேட்டேன். "வலது பக்கம்தான் சார்."

தலையைப் பிரிச்சுப் பார்த்தேன். மஞ்சளா, பிசுபிசுன்னு செதில். காதுக்குப் பின்னாலும் புருவத்திலும்கூட செதில். அரிப்பு இருக்கான்னா, "இருக்கு, சாயங்காலம் பஸ்ல வரும்போது தாங்காது" என்றாள். காலை ஏழு மணி பஸ். தலைக்குக் குளிக்கறது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தினமும் ராத்திரி அம்மா ஒரு உள்ளங்கை நிறைய தேங்காய் எண்ணெய் வச்சு, சூடு பறக்கத் தேய்ச்சு, பின்னி விடுவார். அதாவது திங்கள் வைக்கும் எண்ணெய் மேலே செவ்வாய், அதுக்கு மேலே புதன். ஞாயிறு வரைக்கும் தலை எண்ணெயிலிருந்து வெளியே வர்றதே இல்லை.

"எண்ணெய் வெக்கலைன்னா வறண்டு போயிருமுங்க, ஒடம்பும் சூடுங்க இவளுக்கு" என்றார் அம்மா.

நான் பதில் சொல்றதுக்குள்ள பாட்டி ஆரம்பிச்சுட்டார். "நாங்க எங்க சாமி ராத்திரி எண்ணெய வெச்சுட்டுப் படுத்தோம்? வெள்ளிக்கெழமை காலைல எண்ணெ தேய்ச்சு, வெயில் ஏர்றதுக்குள்ள அரப்பப் போட்டு அலசிருவோம். இவதான் தெனமும் தலைய ஊற வெக்கறா."

எனக்கு அந்தப் பாட்டியை ஸ்டாஃபா போட்டுக்கலாம்னு தோணுச்சு. நம்ம எண்ணெய்க் குளியலில் எண்ணெய் வைக்கறது பாதிதான், மீதிப் பாதி சீயக்காயோ அரப்போ போட்டு அதை எடுக்கறது. எடுக்கற பாதியை விட்டுட்டு வைக்கற பாதியை மட்டும் தினமும் செய்யறதை நாம பாரம்பரியம்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

பருவுக்கு வருவோம். தலை எண்ணெயால் நெற்றியில் வரும் பருவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, பொமேட் ஆக்னி. 1970ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் விவரிச்சாங்க. தலையில் பொமேட் என்ற எண்ணெய்ப் பசை தடவும் கறுப்பின ஆண்களின் நெற்றியிலும் பொட்டிலும் இதே மாதிரி பொரியைப் பார்த்தாங்க. எண்ணெய் தலையிலிருந்து நெற்றிக்கு வழியும். தலையணை உறையில் இறங்கி, அங்கிருந்து கன்னத்துக்கு வரும். மயிர்க்கால் வாயை அடைக்கும். உள்ளே சுரக்கறது வெளியே வர வழியில்லாம பொரியா நிக்கும். ஆன்ட்டிபயாடிக் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. அடைச்சுக்கிட்டு இருக்கும் குழாயில் கிருமி மருந்து என்ன செய்யும்?

அந்தப் பொண்ணுக்குச் சொன்னது இதுதான்.

முதல் நாலு வாரம் தலையில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். வாரம் ரெண்டு தடவை, அவள் வசதிக்கு புதன் சாயங்காலமும் ஞாயிறும், கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. இதில் பலரும் கோட்டை விடறது போடும் முறையில். எண்ணெய்ப் பிசுக்குள்ள தலையில் நேரா மருந்து ஷாம்புவைப் போட்டா அது எண்ணெயோட சண்டை போட்டே தீர்ந்திடும். முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலசிடணும். அப்புறம் மருந்து ஷாம்புவை முடியில் இல்லாம, விரல் நுனியால் வகிடு வகிடா பிரிச்சுத் தோலில் படற மாதிரி தடவி, 5 நிமிஷம் விட்டு அலசணும். கடிகாரம் பார்த்து 5 நிமிஷம். போட்ட உடனே கழுவிட்டா பூஞ்சைக்கு அது ஒரு தூறல் மாதிரி.

நெற்றிக்கு ராத்திரி பட்டாணி அளவு அடாபலின் ஜெல் எழுதிக் கொடுத்தேன். முதல் ரெண்டு மூணு வாரம் தோல் காயும், லேசா எரியும், பயப்பட வேண்டாம்னு சொன்னேன். (கர்ப்பமா இருக்கறவங்க, அதுக்கு முயற்சி செய்யறவங்க இதைப் போடக் கூடாது. இந்தப் பதிவைப் பார்த்து யாரும் நேரா மெடிக்கல் போகாதீங்க.) ஸ்டீராய்டு டியூபைக் குப்பையில் போடச் சொன்னேன். தலையணை உறையை வாரம் ரெண்டு தடவை மாத்தச் சொன்னேன்.

ரெண்டாவது வாரம் அரிப்பு பெருமளவு போயிடுச்சு. நாலாவது வாரம் செதில் தேடித்தான் பார்க்கணும். நெற்றி அவ்வளவு சீக்கிரம் அசையல. அடைப்பு ஒவ்வொண்ணா திறக்கணும், அதுக்கு நேரம் எடுக்கும். எட்டாவது வாரம் பாதி, மூணாவது மாசம் கிட்டத்தட்ட சுத்தம். இங்கே பலர் மூணாவது வாரமே "கேட்கல" என்று விட்டுட்டு வேற டியூப் தேடிப் போறாங்க.

அம்மாவுக்குத்தான் கஷ்டமா இருந்தது. தினமும் ராத்திரி பொண்ணு தலையைப் பிடிச்சு உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கும் அந்த அரைமணி நேரம் போயிடுச்சு. எண்ணெய் இல்லாமலும் தலை வாரிப் பின்னலாமேம்மான்னு சொன்னேன். சம்மதிச்சார், அரை மனசாதான்.

நாலு வாரத்துக்குப் பிறகு எண்ணெயைத் திரும்ப ஆரம்பிச்சோம், வேற மாதிரி. இடுப்பு வரைக்கும் உள்ள முடிக்கு ரெண்டு டீஸ்பூன் போதும். காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் மட்டும், நுனியில் கொஞ்சம் கூடுதலா. தலைத்தோலில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குளிக்கறதுக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் முன்னாடி வச்சு, ஷாம்பு போட்டு அலசிடணும். மருந்து ஷாம்பு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொடரணும். ஏன்னா பொடுகை அடக்கி வைக்கலாம், அடியோட ஒழிக்க முடியாது. பூஞ்சை அங்கேதானே குடியிருக்கு.

அப்போ பொடுகும் இல்லை, பருவும் இல்லை, தலை சும்மா நல்லா இருக்கு என்றால்? வாரம் ஒண்ணு, ரெண்டு தடவை, குளிக்கறதுக்கு அரைமணியிலிருந்து ரெண்டு மணி நேரம் முன்னாடி எண்ணெய் வைங்க, தலையிலும் வைங்க, பிரச்சனை இல்லை. ரொம்பச் சுருட்டையான, வறண்ட முடிக்கு நீளத்தில் மட்டும் எண்ணெய் வச்சு, துணியால கட்டிட்டு ராத்திரி தூங்கினாலும் தப்பில்லை. அதிக நேரம் இருந்தா முடிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மறுநாள் காலையில் அலசிடணும், அவ்வளவுதான். அலச நேரமில்லாத நாளுக்கு முந்தின ராத்திரி எண்ணெய் வேண்டாம்.

உங்க தலைக்கு எண்ணெய் ஒத்துக்குதான்னு சோதிக்க லேப் வேண்டாம். நாலு வாரம் நிறுத்திப் பாருங்க. அரிப்பு குறைஞ்சா பதில் கிடைச்சாச்சு. முதல் வாரம் முடி கொஞ்சம் பறக்கும், "வறண்டு போச்சு" என்று தோணும். அது முடியின் வறட்சி, தலைத்தோலோடது இல்லை. நுனியில் ரெண்டு சொட்டு எண்ணெயோ கண்டிஷனரோ போட்டுக்கலாம்.

சில விஷயங்கள் இந்தக் கணக்கில் வராது.

நெற்றியிலும் முதுகிலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னச் சிவப்புப் பரு, கூடவே நல்ல அரிப்பு, ஆன்ட்டிபயாடிக் சாப்பிடச் சாப்பிட அதிகமாகுது என்றால் அது பருவே இல்லாம இருக்கலாம். இதே பூஞ்சை மயிர்க்காலுக்குள் இறங்கிச் செய்யற வேலை. அதுக்குப் பூஞ்சை மருந்துதான் வேணும். டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்.

தலையில் வெள்ளி மாதிரி தடிச்ச செதில், முடிக்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு வருது, முழங்கை முட்டியிலும் இருக்கு என்றால் சோரியாசிஸாக இருக்கலாம். அங்கே கதை தலைகீழ். தடிச்ச செதிலை ஊற வச்சு எடுக்க மருந்து கலந்த எண்ணெயை ராத்திரி முழுக்க வைக்க நாங்களே சொல்றது உண்டு. அதனால தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணெயை இந்தப் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

குழந்தைக்குத் தலையில் செதிலோட சேர்ந்து வட்டமா முடி கொட்டுது, முடி அடியோட ஒடிஞ்சு கரும்புள்ளி மாதிரி தெரியுது என்றால் அது பொடுகு இல்லை, படர்தாமரை. எண்ணெயும் கேட்காது, ஷாம்பு மட்டும் போட்டாலும் போகாது. வாய்வழி மருந்து சில வாரங்கள் தேவைப்படும். வீட்டில் எல்லாரும் ஒரே சீப்பு என்றால் மத்த பிள்ளைகளுக்கும் வரும். எண்ணெய் பாட்டிலைத் தள்ளி வச்சுட்டு, அந்த வாரமே பக்கத்து அரசு மருத்துவமனை தோல் ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க. தாமதமானா சில குழந்தைகளுக்கு அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போயிடும்.